லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட பெலிக்ஸ் மான்ஸ்: சூரிச் நகரம் தன் பிள்ளையையே ஏன் கொன்றது?

கலைச்செல்வி

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். சீர்திருத்த இயக்கத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று சொன்னவர்களுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி. தீவிரப் பிரிவினர் ஒடுக்கப்பட்டார்களாம். அவ்வளவுதான்.

இந்த வாரம் ஒரு மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "ரோமின் அதிகாரம் வேண்டாம், வேதம் ஒன்றே போதும் என்று சொன்ன ஊர் சூரிச். அதே ஊர், வேதத்தைப் படித்து வேறொரு முடிவுக்கு வந்த ஆளை ஏன் ஆற்றில் தள்ளியது?" மதவெறி என்று பதில் சொல்லி உட்கார வைத்தேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஒரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதா, பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஊற்றுவதா என்பதற்காக ஓர் அரசு ஏன் உயிரை எடுக்க வேண்டும்? 1525 முதல் 1527 வரை சூரிச்சில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி அம்மா. மதவெறி என்று சொன்னால் பாதி உண்மைகூட வராது. தண்ணீரை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, அன்றைய ஊர் எப்படி இயங்கியது என்று பாருங்கள்.

சூரிச்சில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் சில நாட்களுக்குள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றது. அதோடு அது ஊரார் கணக்கில் ஓர் ஆள் ஆனது. சபை என்று ஒன்றும் ஊர் என்று வேறொன்றும் கிடையாது. அதே மக்கள், அதே எல்லை, அதே நகர மன்றம். பத்தில் ஒரு பங்கு தானியத்தைக் காணிக்கை வரியாகக் கட்டுவதும், மன்றத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பதும், போர் என்றால் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் அந்த ஒரே உறுப்பினர் தன்மையோடு ஒட்டியவை. 'பிறப்பால் யாரும் கிறிஸ்தவர் இல்லை, வளர்ந்து தானாக விரும்பிச் சேர்பவர்தான் கிறிஸ்தவர்' என்று ஒருவர் சொன்னால், சபை ஊரைவிடச் சிறியதாகிவிடுகிறது. ஊருக்குள்ளேயே சபைக்கு வெளியே மனிதர்கள் இருக்கலாம் என்றாகிவிடுகிறது. அப்படி ஒரு ஊரை அன்று யாரும் பார்த்ததில்லை.

இன்னொன்று. இந்த ஆட்கள் எங்கிருந்தோ வந்த எதிரிகள் அல்ல. கொன்ராட் கிரேபெல் மன்ற உறுப்பினரின் மகன். பெலிக்ஸ் மான்ஸ், குரோஸ்முன்ஸ்டர் தேவாலயத்து மதகுரு ஒருவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர், எபிரேய மொழி நன்றாகத் தெரிந்தவர். இருவரும் சூரிச்சின் சீர்திருத்தத் தலைவரான சுவிங்லியின் செல்லப் பிள்ளைகள். அவரோடு உட்கார்ந்து மூல மொழியில் வேதம் படித்தவர்கள்.

விரிசல் ஞானஸ்நானத்தில் தொடங்கவே இல்லை. 1523 அக்டோபரில் திருப்பலியும் சொரூபங்களும் வேதத்துக்கு ஒத்தவையா என்று பொது விவாதம் நடந்தது. ஒத்தவை அல்ல என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சரி, எப்போது நிறுத்துவது? அதை மன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார் சுவிங்லி. வேதம் முடிவு சொல்லிவிட்ட பிறகு மன்றத்தின் கையில் அதைக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சீமோன் ஸ்டும்ப் என்ற பாதிரியார் அங்கேயே எழுந்து சொன்னார். கிரேபெலும் அந்தப் பக்கம்தான் நின்றார். உங்கள் மாணவிக்கு உண்மையான விடை அந்த அறையில் இருக்கிறது. கடைசி வார்த்தை யாருடையது என்பதுதான் சண்டை. ஞானஸ்நானம் அதற்குப் பிறகு வந்த களம்.

ஜெபமணி

இது என் வீட்டுக் கதை போலவே இருக்கிறது. எனக்குச் சிறுவயதில் சி.எஸ்.ஐ. தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். திருமணம் ஆன வீட்டில் எல்லோரும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். 'உனக்குச் செய்தது செல்லாது, மறுபடி எடு' என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தால் என் அப்பாவுக்கு மனம் உடையும், எடுக்காவிட்டால் இங்கே நிம்மதி இல்லை. அப்படியானால் இந்த மான்ஸ்தான் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு முன்னோடியா? அவர்களும் ஆற்றில் முழுக்கினார்களா?

ஏட்டுச்சுவடி

ஜெபமணி அம்மா, உங்கள் வீட்டு விஷயத்தில் நான் தலையிடுவது முறையல்ல. வரலாற்றுக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். நேரடி வம்சாவளி கிடையாது. பெந்தெகொஸ்தே இயக்கம் இருபதாம் நூற்றாண்டில் வேறு வழியாக வந்தது. மான்ஸின் வழியில் நேராக வந்தவர்கள் மெனோனைட்டுகள், ஆமிஷ், ஹட்டரைட்டுகள்.

ஆற்றில் முழுக்குவது அவர்களுக்கு முக்கியமாகவே இல்லை. எப்படி என்பதல்ல, யாருக்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. 1525 ஜனவரி 17 அன்று மன்றத்தின் முன் விவாதம் நடந்தது, சுவிங்லி வென்றதாக மன்றம் அறிவித்தது. மறுநாளே ஆணை வந்தது: ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை எட்டு நாட்களுக்குள் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஊரை விட்டுப் போங்கள். கிரேபெல் வீட்டில் அப்போது பிறந்து இரண்டு வாரமே ஆன பெண் குழந்தை இருந்தது. எட்டு நாள் கெடு அவர் தொட்டிலுக்கே வந்துவிட்டது. 21-ஆம் தேதி இரண்டாவது ஆணை. கிரேபெலும் மான்ஸும் இனிக் கூட்டம் கூட்டக் கூடாது, வெளியூர்க்காரர்களான சிலர் எட்டு நாட்களில் வெளியேற வேண்டும்.

அன்று இரவே மான்ஸின் தாயார் வீட்டில் கூடினார்கள். குரோஸ்முன்ஸ்டருக்குப் பக்கத்துத் தெருதான். ஜெபம் செய்தார்கள். பிறகு கெயோர்க் பிளாவ்ரோக் என்ற முன்னாள் பாதிரியார் எழுந்து, எனக்கு ஞானஸ்நானம் கொடு என்று கிரேபெலிடம் கேட்டார். கிரேபெல் கொடுத்தார். பிளாவ்ரோக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். தண்ணீர் தலையில் ஊற்றப்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்த சில நாட்களில் ஏரிக்கரையில் உள்ள சோலிகோன் கிராமத்தில் நடந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கைதானவர்களின் வாக்குமூலங்களில் அது பதிவாகியிருக்கிறது. ரூடி தோமான் என்ற முதியவர் வீட்டில், ஊரை விட்டு வெளியேற வேண்டியவர்களுக்குப் பிரிவு விருந்து. சாப்பிட்டு, வேதம் படித்துக்கொண்டிருந்தபோது ஹான்ஸ் புருக்பாக் என்பவர் எழுந்து, நான் பெரும் பாவி, எனக்காக ஜெபியுங்கள் என்று அழுதார். கடவுளின் கிருபை வேண்டுமா என்று பிளாவ்ரோக் கேட்டார். வேண்டும் என்றார் அவர். மான்ஸ் எழுந்து, இவருக்கு நான் ஞானஸ்நானம் கொடுப்பதை யார் தடுப்பார் என்று கேட்டார். யாரும் இல்லை என்று பிளாவ்ரோக் சொன்னார். மான்ஸ் சமையலறை அகப்பையில் தண்ணீர் மொண்டு அவர் தலையில் ஊற்றினார்.

பாதிரி அங்கி இல்லை, தொட்டி இல்லை, தேவாலயமே இல்லை. குழம்பு மொள்ளும் அகப்பை. மன்றத்தை நடுங்க வைத்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். முழுக்கும் நடந்தது உண்டு. அடுத்த மாதம் வொல்ப்காங் உலிமான் என்பவர், தட்டில் தண்ணீர் போதாது என்று கேட்டுக்கொண்டு ரைன் ஆற்றில் கிரேபெல் கையால் முழுக்கு எடுத்தார். அது அபூர்வம்.

தங்கராஜ்

நண்பர்களே, எல்லோரும் இறையியலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 1525 என்றவுடன் நினைவுக்கு வரவேண்டியது ஜெர்மனியின் குடியானவர் போர். இது வர்க்கப் போராட்டம். குடியானவர்கள் வரி கட்ட மறுத்தார்கள், அதற்கு ஒரு மதப் போர்வை தேவைப்பட்டது. சோலிகோனில் சிக்கியவர்கள் எல்லோரும் விவசாயிகள்தானே? ஆளும் வர்க்கம் அவர்களைக் கொன்றது. லட்சக்கணக்கான பேர் இப்படிச் செத்தார்கள். ஞானஸ்நானம் ஒரு சாக்கு.

ஏட்டுச்சுவடி

தங்கராஜ், நீங்கள் தொட்ட இடம் சரியானது. அதிலிருந்து வெகுதூரம் போய்விட்டீர்கள்.

சரியானது எது? சோலிகோன், விட்டிகோன் போன்ற கிராமங்கள் 1523-லேயே தானியக் காணிக்கை வரிக்கு எதிராக மன்றத்தில் மனுக் கொடுத்தன. எங்கள் பாதிரியாரை நாங்களே தேர்ந்தெடுப்போம், எங்கள் வரி எங்கள் ஊருக்கே இருக்கட்டும் என்று கேட்டன. குழந்தைகளைக் கொண்டுவராமல் இருந்த முதல் பெற்றோர்களும், 1524-ல், அதே கிராமங்களில்தான் இருந்தார்கள். 1525 வசந்தத்தில் சூரிச்சுக்கு உட்பட்ட குரூனிங்கன் பகுதியில் குடியானவர்கள் எழுந்து மடத்தைச் சூறையாடினார்கள். பின்னால் மான்ஸ் மறைந்து போதித்ததும் அதே பகுதியில். மன்றம் இரண்டையும் ஒன்றாகவே பார்த்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் சாக்கு என்பது தவறு. குடியானவர் போரின் தலைவர்களில் ஒருவரான தாமஸ் மூன்சருக்கு 1524 செப்டம்பரில் கிரேபெலும் நண்பர்களும் ஒரு கடிதம் எழுதினார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை நீங்கள் எதிர்ப்பது மகிழ்ச்சி, ஆனால் சுவிசேஷத்தையும் அதை ஏற்பவர்களையும் வாளால் காக்கக் கூடாது என்று அதில் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். கடிதம் மூன்சர் கைக்குப் போய்ச் சேரவில்லை. கிரேபெலின் சகோதரியை மணந்த வாடியானின் ஊரான சங்க்ட் காலனில் அது இன்றும் இருக்கிறது. போர் முழுவீச்சில் வெடிப்பதற்கு முன்னாலேயே எழுதப்பட்ட கடிதம் அது. கூட்டம் பெருகிய பிறகு, தோற்றுப்போன பிறகு, சாதுவாக மாறிக்கொண்டார்கள் என்று சொல்ல அது இடம் கொடுக்காது.

எண்ணிக்கையையும் திருத்திக்கொள்ளுங்கள். குடியானவர் போரில் இறந்தவர்களை இதோடு சேர்த்துவிட்டீர்கள். மறுஞானஸ்நானத்துக்காகக் கொல்லப்பட்டவர்களை ஆவணம் ஆவணமாக எண்ணிய கிளாஸ் பேட்டர் கிளாசன் என்ற வரலாற்றாளர், சுவிட்சர்லாந்து, தென், நடு ஜெர்மனி, ஆஸ்திரியா பகுதிகளில் 1618 வரை 845 மரண தண்டனைகளைக் கண்டார். நெதர்லாந்தைச் சேர்த்தால் மொத்தம் இரண்டாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு என்பது பொதுவான மதிப்பீடு. பதிவேடுகள் தொலைந்துபோன ஊர்களும் உண்டு, அதனால் இது குறைந்தபட்சக் கணக்கு. பெரும்பகுதி கத்தோலிக்க ஆட்சிப் பகுதிகளில் நடந்தது.

தங்கராஜ்

எண்ணிக்கையை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கலந்துவிட்டேன். ஆனால் வரி விஷயம் பின்னணி, இறையியல் முன்னணி என்று நீங்கள் அடுக்குவதை ஏற்க மாட்டேன். அந்தக் கடிதத்தை எழுதியவர் பாரிஸிலும் வியன்னாவிலும் படித்த பணக்காரர் மகன். அகப்பைத் தண்ணீரை ஏற்ற விவசாயி மனதில் என்ன இருந்தது என்று அந்தக் கடிதம் சொல்லாது.

ஏட்டுச்சுவடி

அதை மறுக்க என்னிடம் ஆவணம் இல்லை. சோலிகோன்காரர்கள் பலர் முதல் சிறைக்குப் பிறகு பணிந்து வீடு திரும்பினார்கள் என்பதும் உங்கள் பக்கம் பேசக்கூடிய சான்றுதான்.

கிருபாகரன், சூரிச்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாக இங்கே வாழ்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் லிம்மாட் ஆற்றின் இடது கரையில் ஷிப்பே என்ற பழைய பகுதியைக் கடந்துதான் போவேன். அங்கே சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், 2004-ல் வைத்தது. ஆற்றின் நடுவே ஒரு மீன்பிடி மேடையிலிருந்து பெலிக்ஸ் மான்ஸும் வேறு ஐந்து பேரும் 1527-க்கும் 1532-க்கும் இடையில் மூழ்கடிக்கப்பட்டார்கள் என்றும், கடைசியாக ஹான்ஸ் லாண்டிஸ் 1614-ல் கொல்லப்பட்டார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பல வருடம் நான் அதை வாசிக்காமலேயே கடந்து போயிருக்கிறேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலைக்காகத்தான் நின்று வாசித்தேன்.

ஆறு அகலமே இல்லை. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். பிரகாரத்தில் நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் சனம் நின்றிருக்கும் என்று நினைத்தபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைய தினத்தின் விபரம் தெரிந்தால் சொல்லுங்கள் ஐயா.

ஏட்டுச்சுவடி

கிருபாகரன், கரைக்குக் கரை குரல் கேட்கும் என்றீர்களே, அன்று அதுதான் நடந்தது.

முதலில் சட்டம் எப்படி ஏறி ஏறி வந்தது என்று பாருங்கள். முதலில் அபராதம், பிறகு சிறை, பிறகு நாடுகடத்தல். எதற்கும் அவர்கள் நிற்கவில்லை. 1526 மார்ச் 7-ஆம் தேதி கைதிகள் அனைவரையும் கோபுரச் சிறையில் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துச் சாகும்வரை வைக்கச் சொன்னது மன்றம். இனி யார் மறுஞானஸ்நானம் கொடுத்தாலும் இரக்கமின்றி மூழ்கடிக்கப்படுவார் என்றும் அதே நாளில் அறிவித்தது. இரண்டே வாரத்தில் கைதிகள் ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறங்கித் தப்பிவிட்டார்கள். கிரேபெல் அந்தக் கோடையில் கொள்ளைநோயில் இறந்தார். நவம்பரில், கூட்டத்தில் போய் உட்கார்ந்து கேட்டாலே மரணம் என்று ஆணை நீண்டது. டிசம்பரில் குரூனிங்கன் காட்டில் மான்ஸும் பிளாவ்ரோக்கும் பிடிபட்டார்கள்.

1526-லேயே சூரிச் இன்னொரு காரியமும் செய்தது. எந்தக் குழந்தைக்கு எப்போது ஞானஸ்நானம் ஆனது என்று சபைதோறும் பதிவேடு வைக்கச் சொன்னது. யார் பிள்ளையைக் கொண்டுவரவில்லை என்று கண்டுபிடிக்க வேறு வழியில்லை. கலைச்செல்வி அம்மா, ஞானஸ்நானம் ஊர்க்கணக்கு என்று நான் முதலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

1527 ஜனவரி 5, சனிக்கிழமை. மான்ஸ் மீதான தீர்ப்பின் சாரம் இது: கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்புபவர்களை மட்டும் தனியே சேர்த்து, ஞானஸ்நானத்தால் ஒன்றாக்கி, மற்றவர்களை அவர்கள் வழியில் விட்டுவிட வேண்டும் என்றார். கிறிஸ்தவன் அதிகாரியாக இருக்கக் கூடாது, வாளால் யாரையும் தண்டிக்கவோ கொல்லவோ கூடாது என்றார். இது கிறிஸ்தவ ஊராரின் ஒற்றுமைக்குக் கேடு, அரசுக்கு எதிரான கலகத்துக்கு வழி. தீர்ப்பில் இறையியல் பிழை பற்றிய பேச்சைவிட ஒற்றுமை, கலகம் பற்றிய பேச்சே அதிகம். ஆனால் கலகம் என்ற குற்றச்சாட்டின் கீழ் வைத்திருப்பது, கொல்லக் கூடாது என்று சொன்ன குற்றம்.

ஆற்றின் நடுவிலிருந்த வெல்லன்பெர்க் கோபுரச் சிறையிலிருந்து அவரை மீன்சந்தைக்குக் கொண்டுவந்து தீர்ப்பை வாசித்தார்கள். பிறகு படகில் ஏற்றினார்கள். மனம் மாறச் சொல்லிக் கூடவே ஒரு போதகர் வந்துகொண்டிருந்தார். கரையில் அவருடைய தாயாரும் சகோதரரும் நின்று, உறுதியாய் இரு என்று குரல் கொடுத்தார்கள். மீன்பிடி மேடையில் அவர் கைகளைக் கட்டி முழங்காலுக்குக் கீழே இறக்கி, கைக்கும் காலுக்கும் இடையில் ஒரு கழியைச் செருகினார்கள். நிமிரவோ நீந்தவோ முடியாது. தண்ணீரில் தள்ளும்முன், 'ஆண்டவரே உம் கைகளில் என் ஆவியை ஒப்படைக்கிறேன்' என்று லத்தீனில் உரக்கப் பாடினார். அவர் சொத்து மன்றத்துக்குப் போனது.

தாயாரின் குரலும் லத்தீன் பாட்டும் அனுதாபிகள் பின்னால் சேர்த்ததா என்று சந்தேகம் வரும். இதை எழுதி வைத்தவர் புல்லிங்கர், சுவிங்லிக்குப் பின் சூரிச் சபையின் தலைவர், இந்த மக்களின் கடும் எதிரி. எதிரி எழுதிய சாட்சி என்பதால்தான் நான் நம்புகிறேன்.

பிளாவ்ரோக் அதே நாளில் உயிர் தப்பினார். அவர் சூரிச் குடிமகன் இல்லை. இடுப்புவரை ஆடையைக் களைந்து, மீன்சந்தையிலிருந்து நகர வாயில் வரை பிரம்பால் அடித்துத் துரத்தினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, 1529 செப்டம்பரில், ஆல்ப்ஸ் மலைப்பகுதியான டிரோலில் அவரை எரித்தார்கள். சொந்த ஊர்ப்பிள்ளைக்கு மரணம், வெளியூரானுக்குப் பிரம்படி. ஊர் யாருடையது என்பதுதான் வழக்கு என்று இதிலும் தெரிகிறது.

கலைச்செல்வி

தொண்டை அடைக்கிறது ஐயா. சுவிங்லியின் பங்கு என்ன? கூடவே உட்கார்ந்து எபிரேயம் படித்த பையன் அல்லவா?

ஏட்டுச்சுவடி

தீர்ப்புச் சொன்னது மன்றம். ஆனால் சுவிங்லி எதிர்த்து ஒரு வார்த்தையும் சொன்னதாகப் பதிவு இல்லை. எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. 1525-ல் ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், சில ஆண்டுகளுக்கு முன் தானும் இதே பிழையில் விழுந்து, குழந்தைகளுக்கு அறிவு வந்த பிறகே ஞானஸ்நானம் கொடுப்பது நல்லது என்று நினைத்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். மான்ஸ் போன பாதையில் முதல் சில அடிகள் அவர் கூடவே நடந்தவர்.

செந்தில்வேலன்

எல்லோரும் ஒரு பக்கத்தையே பார்க்கிறீர்கள். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தை ஏன் மறைக்கிறீர்கள்? 1534-ல் இதே மறுஞானஸ்நானக்காரர்கள் அந்த நகரத்தையே பிடித்தார்கள். ஞானஸ்நானம் எடுக்க மறுத்தவர்களைப் பனியில் விரட்டினார்கள். தையல்காரர் யான் லைடன் தன்னை ராஜா என்று அறிவித்துப் பல பெண்களை மணந்தார், எதிர்த்தவர்களைத் தலை வெட்டினார். பின்னால் கொல்லப்பட்ட அந்தத் தலைவர்களின் சடலங்களை வைத்த இரும்புக் கூண்டுகள் லம்பர்ட் தேவாலயக் கோபுரத்தில் இன்றும் தொங்குகின்றன. இப்படிப்பட்டவர்களைக் கண்டு அரசுகள் பயந்ததில் என்ன தவறு?

ஏட்டுச்சுவடி

நீங்கள் சொன்ன சம்பவங்கள் எல்லாம் நடந்தவை. ஆண்டை மட்டும் பாருங்கள் செந்தில்வேலன். மான்ஸ் இறந்தது 1527. மூன்ஸ்டர் அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. புனித ரோமானியப் பேரரசு முழுவதற்குமான கொலைச் சட்டம், ஸ்பேயர் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் 1529 ஏப்ரலில் வந்தது: மறுஞானஸ்நானம் கொடுத்தவரோ பெற்றவரோ, விவரம் தெரிந்த வயதுடைய ஆணோ பெண்ணோ, சபை விசாரணைகூட இல்லாமல் தீயாலோ வாளாலோ கொல்லப்பட வேண்டும். பின்னால் வந்த ஒன்றைக் கண்டு முன்னால் பயந்திருக்க முடியாது.

அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் ஆயிரம் ஆண்டுப் பழைய ரோமானியச் சட்டம். ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஒடுக்க மறுஞானஸ்நானத்தை மரணக் குற்றமாக்கியது அது. அதனால்தான் 'மறுஞானஸ்நானக்காரர்' என்ற பெயர் சாதாரண வசவு இல்லை. அந்தப் பெயரை ஒட்டினால் சட்டம் தானாகப் பாயும். அவர்களோ கடைசிவரை அந்தப் பெயரை ஏற்கவில்லை. குழந்தையில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல, ஆகவே நாங்கள் எடுத்தது முதல் முறை என்றார்கள். தங்களைச் சகோதரர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள்.

அதே ஸ்பேயர் கூட்டத்தில்தான் லூதரை ஏற்ற இளவரசர்கள், மனசாட்சி விஷயத்தில் பெரும்பான்மை எங்களைக் கட்டுப்படுத்தாது என்று எதிர்ப்பு மனுக் கொடுத்து 'புராட்டஸ்டன்ட்' என்ற பெயரை வாங்கினார்கள். நான்கு நாள் கழித்து வந்த இந்தச் சட்டத்தை அவர்கள் எதிர்க்கவில்லை. அவர்களில் ஹெஸ்ஸெயின் பிலிப் மட்டும், நம்பிக்கைக்காக யாரையும் கொல்ல என் மனசாட்சி இடம் தராது என்று தன் நாட்டில் அந்தத் தண்டனையை நிறைவேற்ற மறுத்தார். மறுக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

செந்தில்வேலன்

காலவரிசையை ஏற்கிறேன். ஆனாலும், ஊருக்கும் சபைக்கும் இருந்த கட்டை அவிழ்த்துவிட்டவர்கள் இவர்கள். அவிழ்த்த பிறகு மூன்ஸ்டர் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது. மூன்ஸ்டர்காரர்கள் சூரிச்சிலிருந்து வந்தவர்களா, தனியா?

ஏட்டுச்சுவடி

வேறு கிளை. வடக்கே மெல்கியோர் ஹொப்மான் என்ற தோல் வியாபாரியின் தீர்க்கதரிசனப் போதனையிலிருந்து வந்தது. ஒரே வேரா, பல வேர்களா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சூரிச் வழி எல்லோரும் வாளை வெறுத்தவர்கள் என்று சொன்னாலும் தவறு. பால்தசார் ஹூப்மையர் அரசு வாள் ஏந்துவது நியாயம் என்றே எழுதினார். அவரையும் 1528 மார்ச்சில் வியன்னாவில் எரித்தார்கள்.

மேரி

ஹூப்மையரின் மனைவி எல்ஸ்பெத்தைச் சொல்லாமல் போகிறீர்களே. மூன்றாம் நாள் கழுத்தில் கல்லைக் கட்டி டான்யூபில் தள்ளினார்கள். மிக்கேல் சாட்லர் என்ற முன்னாள் துறவியை 1527 மே மாதம் ராட்டன்பர்க்கில் எரித்தபோதும் இதேதான். அவர் மனைவி மார்கரெத்தாவை மனம் மாறச் சொல்லிப் பலவாறு கேட்டார்கள். கணவரோடு எரிந்துபோயிருக்கலாம் என்றே சொன்னார். சில நாட்களில் நெக்கார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். ஆண்களுக்குத் தீ, பெண்களுக்குத் தண்ணீர் என்பது அன்றைய வழக்கம். அந்த வகையில் மான்ஸுக்குக் கொடுத்தது பெண்களுக்கு உரிய சாவு.

நான் இவர்களைப் பற்றிப் படிக்கும்போது திரும்பத் திரும்ப வருவது நாக்கு. சாட்லரின் நாக்கை எரிக்கும் முன் அறுத்தார்கள். 1573 அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் மைக்கன் வென்ஸ் என்ற கொத்தனார் மனைவியை எரித்தபோது, வண்டியில் போகும் வழியில் பேசிவிடக் கூடாது என்று நாக்கை இரும்புத் திருகால் பூட்டினார்கள். ஏன் என்றால் கேட்கும் கூட்டம்தான் அவர்களுக்குப் பயம். லிம்மாட் கரையில் மான்ஸின் அம்மாவைப் பேச விட்டது போல இனி விடக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மைக்கனின் மூத்த மகன் அட்ரியானுக்குப் பதினைந்து வயது. மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தவன், அம்மாவைக் கட்டும்போது மயங்கி விழுந்தான். எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூட்டம் கலைந்த பிறகு சாம்பலைக் கிளறி அந்தத் திருகைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான்.

ஜெபமணி

மேரி அக்கா, இதை இரண்டு முறை படித்தேன். என் கேள்வி இதற்கு முன்னால் சிறியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு ஒன்று தெளிவானது. அவர்கள் தலைவலியே, தங்களுக்காக வேறொருவர் முடிவெடுக்கக் கூடாது என்பது. என் மாமியார் வீட்டார் 'எடு' என்று தள்ளுவதும் அந்த வகையில்தானே வரும்? வீட்டில் இதை இப்படிச் சொன்னால் புரியுமா என்று பார்க்கிறேன்.

கிருபாகரன், சூரிச்

நேற்று வேலை முடிந்து ஷிப்பேயில் இறங்கி நின்றேன். 2025 மே மாதம் குரோஸ்முன்ஸ்டரில் ஐந்நூறாவது ஆண்டு வழிபாடு நடந்தபோது உலகெங்கும் இருந்து மெனோனைட்டுகள் வந்திருந்தார்கள். இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று யாரென்று தெரியாமல் வழிவிட்டுப் போனேன்.

கலைச்செல்வி அக்கா, உங்கள் மாணவிக்குக் காட்ட ஆற்றின் படம் வேண்டுமென்றால் ஜனவரி 5 அன்று எடுத்து அனுப்புகிறேன். அந்த மாதத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது கோடைப் படத்தில் தெரியாது.

கலைச்செல்வி

அனுப்புங்கள் தம்பி. வகுப்பில் அந்தத் தீர்ப்பின் சாரத்தை எழுதிப் போட்டு, இதில் எது குற்றம் என்று அவர்களையே அடிக்கோடிடச் சொல்லப்போகிறேன். ஏட்டுச்சுவடி ஐயா, 1614-ல் கொல்லப்பட்ட ஹான்ஸ் லாண்டிஸ் பற்றியும் ஒரு இழை தொடங்குவீர்களா? எண்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரையும் மூழ்கடிக்காத ஊர், ஏன் மறுபடி வாளை எடுத்தது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.